இமாம் அமர்வதற்கு முன்: திருமணப் படப்பிடிப்பில் உதவியாளரின் கார்டும் பேட்டரியும்

திருமணப் படப்பிடிப்புக்கு உதவியாளராகப் போகத் தொடங்கியிருக்கும் தம்பிமார்களும் சகோதரிகளும் நம்மிடம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் லென்ஸைப் பற்றியும் லைட்டைப் பற்றியும்தான். அவை படம் எடுப்பவரின் கவலை. உதவியாளரை நம்பி அவர் ஒப்படைப்பது வேறு இரண்டு பொருள்கள்: கார்டு, பேட்டரி. இந்தப் பாடம் அந்த இரண்டைப் பற்றி மட்டும்தான்.

நம் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு வேளை முழுக்கப் படம் எடுத்தாலும், அதன் உயிர் சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. இமாம் குத்பா ஓதுகிறார், மஹர் தொகை சொல்லப்படுகிறது, வலீ ஒப்புதலைச் சொல்கிறார், மாப்பிள்ளை "கபூல்" சொல்கிறார், துஆ, பிறகு மாமனாரும் மச்சான்மாரும் கட்டித் தழுவுகிறார்கள். கபூல் சொல்லும் நேரம் ஒரு நிமிடம்கூட இருக்காது. மாலை போடுவதை இன்னொரு முறை போடச் சொல்லலாம். சாப்பாட்டுப் பந்தியை அடுத்த வரிசையில் எடுக்கலாம். "கேமரா நின்று போச்சு, இன்னொரு தடவை கபூல் சொல்லுங்க" என்று யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

ஆகவே உதவியாளருக்கு நாம் முதலில் சொல்வது இதுதான். கார்டு நிரம்பும்போது கார்டை மாற்றுவது, பேட்டரி தீரும்போது பேட்டரியை மாற்றுவது என்பது வீட்டில் பழகும் முறை. கல்யாண வீட்டில் நிகழ்ச்சியின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். கேமரா கேட்கும்வரை காத்திருந்தால், அது கேட்கும் நேரம் பெரும்பாலும் நாம் கொடுக்க முடியாத நேரமாக இருக்கும்.

முந்தைய இரவு

வேலை மண்டபத்தில் தொடங்குவதில்லை. முந்தைய நாள் இஷா தொழுகைக்குப் பிறகு மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்து உட்காருவதில் தொடங்குகிறது.

கார்டுகளுக்கு எண் இருக்க வேண்டும். இன்று கல்யாணத்துக்கு எடுத்துப் போகும் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு ஸ்லாட் இருக்கிறது. எனவே கார்டுகளையும் ஜோடியாக வைக்கிறோம்: 1அ, 1ஆ, 2அ, 2ஆ, 3அ, 3ஆ. 'அ' எப்போதும் முதல் ஸ்லாட்டுக்கு, 'ஆ' எப்போதும் இரண்டாவது ஸ்லாட்டுக்கு. எண்ணைக் காகிதத்தில் எழுதி ஒட்டாதீர்கள். ஒட்டிய காகிதம் ஓரத்தில் சுருண்டு ஸ்லாட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். அழியாத மார்க்கர் பேனாவால் கார்டின் மேலேயே எழுதினால் போதும்.

ஒரு ஜோடியில் இரண்டும் ஒரே அளவாக இருக்கட்டும். 64 ஜிபி கார்டையும் 32 ஜிபி கார்டையும் சேர்த்துப் போட்டால், இரண்டிலும் ஒரே படத்தைப் பதியும் கேமரா சிறிய கார்டு நிரம்பியதும் நின்றுவிடும். வேகமும் அப்படித்தான். ஒன்று வேகமான கார்டு, மற்றது மெதுவானது என்றால், மெதுவானது எழுதி முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும். அடுத்தடுத்து பத்துப் பதினைந்து படம் எடுத்தபின் கேமரா கொஞ்சம் திணறுகிறது என்றால் காரணம் பல நேரம் இதுதான்.

பழைய கார்டுகளை ஃபார்மேட் செய்வதும் இந்த இரவில்தான், கேமராவிலேயேதான். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: இதில் இருந்த படங்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றனவா? படம் எடுப்பவர் வாயால் "இருக்கு" என்று சொன்ன பிறகே ஃபார்மேட். "இருக்கும்னு நினைக்கிறேன்" என்பது பதில் அல்ல. அந்தக் கார்டை ஓரமாக வைத்துவிட்டு வேறு கார்டை எடுங்கள்.

அடுத்து, கேமரா உண்மையிலேயே இரண்டு கார்டிலும் எழுதுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு ஸ்லாட் இருப்பதாலேயே இரண்டிலும் படம் விழும் என்று எண்ணுபவர்கள் பலர். இரண்டாவது ஸ்லாட்டைப் பயன்படுத்தப் பல வழிகள் உண்டு. முதல் கார்டு நிரம்பியபின் இரண்டாவதற்குப் போவது ஒன்று, ரா ஃபைலை ஒன்றிலும் ஜேபெக்கை மற்றதிலும் பிரிப்பது இன்னொன்று, ஒரே படத்தை இரண்டிலும் எழுதுவது மூன்றாவது. நமக்கு வேண்டியது மூன்றாவது. கேனான் கேமராவில் இது `Rec. to multiple` என்றும், நிகானில் `Backup` என்றும், சோனியின் புதிய பாடிகளில் `Simult. Recording` என்றும் இருக்கும். யாராவது கேமராவை ரீசெட் செய்திருந்தால் இந்த அமைப்பு சத்தமில்லாமல் மாறிவிடும். படம் வழக்கம்போல விழும், ஆனால் ஒரு கார்டில் மட்டும். மெனுவைப் பார்த்து மட்டும் திருப்தி அடையாதீர்கள். ஒரு படம் எடுங்கள். பிளேபேக்கில் முதல் கார்டைப் பாருங்கள், பிறகு இரண்டாவது கார்டுக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டிலும் அந்தப் படம் இருந்தால்தான் சரி.

அதே மெனுவில் இன்னொரு இடத்தையும் பார்த்துவிடுங்கள். கார்டு இல்லாமலேயே ஷட்டரை அழுத்தவிடும் அமைப்பு ஒன்று இருக்கிறது. கேனானில் அதன் பெயர் `Release shutter without card`. கடைகளில் கேமராவை எடுத்துக் காட்டுவதற்குத்தான் அது உதவும். அது அணைந்தே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெறும் கேமரா 'கிளிக் கிளிக்' என்று பேசிக்கொண்டிருக்கும்.

எஸ்டி கார்டின் பக்கவாட்டில் ஒரு சிறிய பூட்டு இருக்கும். அது கீழே இறங்கியிருந்தால் கார்டில் எழுத முடியாது. பழைய கார்டுகளில் அது தளர்ந்துபோய், ஸ்லாட்டுக்குள் தள்ளும்போதே இறங்கிவிடும். அப்படிப்பட்ட கார்டைக் கல்யாணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் செருகிக் கொண்டுவருவதும் வேண்டாம். அங்கே உலோகத் தொடர்பு ஓரிடத்துக்குப் பதில் இரண்டு இடத்தில் இருக்கிறது, கெடுவதற்கும் இரண்டு இடம். புதிதாக வாங்கிய கார்டு என்றால், அதை ஒருமுறை முழுவதும் நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்காமல் பையில் வைக்காதீர்கள். போலிக் கார்டில் அட்டையில் எழுதிய அளவு ஒன்று, உள்ளே உள்ள அளவு வேறு. கம்ப்யூட்டரில் `H2testw` என்ற சிறிய மென்பொருள் இதைச் சோதித்துச் சொல்லிவிடும்.

கடைசியாக, எல்லாக் கேமராக்களின் கடிகாரத்தையும் ஒரே கைப்பேசியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். ஆண்கள் பக்கம் ஒரு கேமரா, பெண்கள் பக்கம் ஒரு கேமரா என்று எடுத்தபின் ஆல்பத்துக்கு வரிசைப்படுத்தும்போது, இங்கே கபூல் சொன்ன நேரத்தில் அங்கே மணப்பெண்ணின் முகம் எப்படி இருந்தது என்று தேடுவார்கள். இரண்டு கடிகாரமும் பத்து நிமிடம் விலகியிருந்தால் அந்த ஜோடிப் படம் கிடைக்காது.

பேட்டரிக்கு மூன்று இடம்

ஒரு கேமராவுக்கு மூன்று பேட்டரி என்பது நம் கணக்கு. பழைய டிஎஸ்எல்ஆர் என்றால் இரண்டே நாள் முழுவதும் தாங்கும். மிரர்லெஸ் கேமராவில் கணக்கு வேறு. அதில் படத்தின் எண்ணிக்கையைவிடக் கேமரா விழித்திருக்கும் நேரம்தான் பேட்டரியைத் தின்னும். கழுத்தில் தொங்கிக்கொண்டு திரை எரிந்துகொண்டே இருந்தால், ஒரு படம் எடுக்காமலேயே பேட்டரி இறங்கும். எனவே "இன்னும் முந்நூறு படம்தானே எடுத்தோம்" என்ற கணக்கு அங்கே செல்லாது.

ஒவ்வொரு பேட்டரிக்கும் எண் எழுதுங்கள். அப்போதுதான் எது சோர்ந்தது என்று தெரியும். பழைய பேட்டரி முதலில் நல்லதைப்போலவே 100 காட்டும். 60, 50 வரை ஒழுங்காக இறங்கும். பிறகு 40-லிருந்து சட்டென்று விழுந்து அணைந்துவிடும். கேனான் கேமராக்களில் `Battery info.` என்ற இடத்தில் பேட்டரியின் சார்ஜ் ஏறும் திறன் பச்சைப் பட்டைகளாகத் தெரியும். நிகானில் பேட்டரியின் வயது 0 முதல் 4 வரை எண்ணாக வரும். சிவப்போ 4-ஓ வந்த பேட்டரி பயிற்சிக்கு மட்டும். உள்ளே போட்ட பேட்டரி வெளியே வர அடம்பிடித்தால் அது உப்பத் தொடங்கிவிட்டது. அதை அன்றோடு ஒதுக்கிவிடுங்கள், சார்ஜரிலும் போடாதீர்கள்.

உதவியாளரின் இடுப்புப் பையில் பேட்டரிக்கு மூன்று இடம் இருக்க வேண்டும். வலப்பக்கம் நிறைந்தது, இடப்பக்கம் தீர்ந்தது, நடுவில் பாதி. இந்த நடு அறையைப் பலர் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் சுழற்சி முழுவதும் அதில்தான் இருக்கிறது. நிக்காஹுக்கு முன் 35 சதவீதம் மிச்சமிருக்கும் பேட்டரியைக் கழற்றும்போது அது தீர்ந்த பேட்டரி அல்ல. பந்தி நடக்கும் நேரத்திலும் உறவினர் குழுப்படம் எடுக்கும் நேரத்திலும் அது வேலை செய்யும். அணைந்தாலும் அங்கே குடி முழுகாது. அவசரம் இல்லாத நேரத்துக்குப் பாதிப் பேட்டரி, தவறவிட முடியாத நேரத்துக்கு நிறைந்த பேட்டரி.

நிறைந்ததற்குப் பிளாஸ்டிக் மூடி போட்டு வையுங்கள், தீர்ந்ததை மூடி இல்லாமல் வையுங்கள். இருட்டில் விரலால் தடவினாலே தெரியும். ஆனால் மூடியில்லாத பேட்டரி இருக்கும் அறையில் சாவியோ சில்லறையோ இருக்கக் கூடாது. உலோகம் இரண்டு முனையையும் தொட்டால் சூடேறும்.

ஃப்ளாஷுக்குச் செல் போடுபவர்களுக்கு ஒரு சொல். நான்கு செல்லும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும்: ஒன்றாக வாங்கியது, ஒன்றாக சார்ஜ் செய்தது, ஒன்றாகத் தீர்ந்தது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வையுங்கள். நான்கில் ஒன்று சோர்ந்தால் நான்கும் சோர்ந்ததுபோலத்தான். ஃப்ளாஷ் அடித்தபின் தயார் விளக்கு மறுபடி எரிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காலையில் ஒருமுறை மனதில் எண்ணிக்கொள்ளுங்கள். அது இரண்டு மடங்கானால் செட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஸ்டாண்டில் நிற்கும் ஃப்ளாஷை இயக்கும் ட்ரிகரிலும் செல் இருக்கிறது. அதை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

மண்டபத்தில் சார்ஜர் போட இடம் தேடும்போது மேடைக்குப் பின்னால் இருக்கும் பிளக்கைத் தவிர்த்துவிடுங்கள். அலங்காரக்காரர் தன் விளக்குக்காக அதை எப்போது வேண்டுமானாலும் பிடுங்குவார். பூட்டக்கூடிய அறை கிடைத்தால் அங்கே போடுங்கள். ஜெனரேட்டர் மாறும்போது சார்ஜர் நின்றுவிட்டதா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். தீர்ந்த பேட்டரி முழுதாக ஏற இரண்டரை மணி நேரம் போல ஆகும். அதனால் மண்டபத்து சார்ஜரை மாலைக்கான உதவியாக மட்டும் எண்ணுங்கள். காலைக்கு வேண்டியது வீட்டிலிருந்தே நிறைந்து வர வேண்டும்.

ஒரு நாளின் கணக்கு

இப்போது ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். நிக்காஹ் 11.30 மணி என்று பத்திரிகையில் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் 9 மணிக்கு வேலை தொடங்குகிறது. கேமராவில் 1அ, 1ஆ கார்டுகள், இரண்டும் 64 ஜிபி. 24 மெகாபிக்சல் கேமராவின் ஒரு ரா ஃபைல் ஏறத்தாழ 30 எம்பி. ஆக ஒரு கார்டில் சுமார் 2,000 படம். பேட்டரி எண் 1.

மாப்பிள்ளை உடுத்துவது, தாயாரின் துஆ, வீட்டுப் பெரியவர்களிடம் ஸலாம், ஊர்வலமாக வண்டி ஏறுவது என்று 11.10-க்குள் 850 படம் ஆகிவிட்டது. கார்டில் இன்னும் 1,150 படத்துக்கு இடம். பேட்டரி 35. கேமராவைக் கேட்டால் "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்றுதான் சொல்லும். இங்கேதான் உதவியாளர் படம் எடுப்பவரின் பக்கத்தில் போய் நின்று, "பாய், நிக்காஹுக்கு முன்னாடி மாத்திடலாம்" என்று சொல்ல வேண்டும்.

எதற்கு என்றால், 35-ஐ நம்பி நின்றோம் என்று வைத்துக்கொள்வோம். பெண்ணின் ஒப்புதலைக் கேட்கப் போன வகீலும் சாட்சிகளும் திரும்பத் தாமதமாகிறது. பதிவேட்டில் ஒரு பெயர் தவறாக இருக்கிறது, திருத்துகிறார்கள். வெளியூரிலிருந்து வரும் மாமா வண்டியில் இருக்கிறார், பத்து நிமிடம் பொறுக்கச் சொல்கிறார்கள். 11.30 என்பது 12.10 ஆகிறது. இந்த நாற்பது நிமிடமும் கேமரா விழித்தே இருக்கிறது. 35 என்பது 15 ஆகி, குத்பா தொடங்கும்போது பேட்டரி சின்னம் மின்னத் தொடங்குகிறது. புதிய பேட்டரியோடு இதே நாற்பது நிமிடத்தைக் கடந்தால் 80-க்கு மேலேயே இருக்கும். ஒரு கவலையும் இல்லை.

கார்டை மாற்றுவதற்குக் காரணம் வேறு. காலையில் எடுத்த 850 படமும் அப்போதே கேமராவை விட்டு வெளியேறிப் பத்திரமாகிவிடுகிறது. இதற்குப் பிறகு கேமரா கீழே விழுந்தாலும், பை காணாமல் போனாலும், தாயாரின் துஆ நம் சட்டைக்குள் இருக்கிறது. ஆனால் அடிக்கடி மாற்றுவதும் நல்லதல்ல. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் கார்டு கைதவறும், தூசி போகும், ஜோடி மாறும். நாள் முழுவதும் ஒரே பெரிய கார்டில் எடுப்பதே பாதுகாப்பு என்று சொல்லும் மூத்தவர்களும் இருக்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. நம் பழக்கம், இரண்டு ஸ்லாட் கேமராவில் நாளுக்கு இரண்டே மாற்றம்: நிக்காஹுக்கு முன் ஒன்று, துஆவும் தழுவலும் முடிந்து லுஹர் தொழுகைக்கு எல்லோரும் எழுந்த பிறகு ஒன்று. ஒரே ஸ்லாட் உள்ள கேமரா என்றால் 32 ஜிபி கார்டுகளாக வைத்துக்கொண்டு இன்னும் சில முறை மாற்றுவோம். அங்கே ஒரு கார்டு கெட்டால் அதற்கு இணை இல்லை.

மாற்றும் முறையை நிதானமாகச் சொல்கிறோம். முதலில் உட்காருங்கள். மடியிலோ மேசையிலோ கைக்குட்டையை விரியுங்கள். நின்றுகொண்டே புல்தரையின் மேல் கார்டு மாற்றாதீர்கள். கேமராவை அணையுங்கள். பின்பக்கம் இருக்கும் சிறிய எழுதும் விளக்கைப் பாருங்கள். அது எரிந்தாலும் மின்னினாலும் படம் இன்னும் கார்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வரிசையாகப் பல படம் எடுத்த உடனே என்றால் பல நொடி ஆகலாம். அப்போது கார்டையோ பேட்டரியையோ உருவினால் கடைசிப் படங்கள் போகும், சில நேரம் கார்டின் பட்டியலே கெடும். விளக்கு அணைந்த பிறகு ஒரு ஸ்லாட்டை மட்டும் கவனியுங்கள். 1அ வெளியே, உடனே உறைக்குள், 2அ உள்ளே. பிறகு 1ஆ வெளியே, 2ஆ உள்ளே. நான்கு கார்டும் ஒரே நேரத்தில் மடியில் கிடக்கக் கூடாது. பிறகு பேட்டரி. கதவுகளை மூடி, கேமராவை இயக்கி, திரையில் மிச்ச எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு படம் எடுத்து, பிளேபேக்கில் பாருங்கள். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லிக் கேமராவைக் கொடுங்கள்: "ரெண்டாம் ஜோடி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு, பேட்டரி நூறு." அவர் அதைத் திருப்பிச் சொல்வார்.

வெளியே எடுத்த ஜோடி ஒரே உறைக்குள் போகக் கூடாது. 1அ உதவியாளரின் கழுத்தில் தொங்கும் சிறு பையில், சட்டைக்குள். 1ஆ படம் எடுப்பவரின் உள்பாக்கெட்டில். இரண்டு கார்டிலும் எழுதியதன் பயன் இரண்டும் தனித்தனி ஆளிடம் போனால்தான். ஒரே உறையில் வைத்து அந்த உறையைப் பந்தி மேசையில் விட்டுவந்தால், இரண்டு பிரதியும் சேர்ந்தே போகும்.

இமாம் வந்து அமர்ந்துவிட்டாரென்றால், அதன் பிறகு கேமராவின் எந்தக் கதவும் திறக்கக் கூடாது. மாற்ற மறந்திருந்தால் மறந்ததுதான், இருப்பதை வைத்து எடுக்க வேண்டும். உதவியாளர் அப்போது நிறைந்த பேட்டரி போட்ட இரண்டாவது கேமராவைக் கையில் இயக்கத்தோடு வைத்துக்கொண்டு, கை எட்டும் தூரத்தில், இமாமின் பார்வையை மறைக்காமல் உட்கார்ந்திருப்பார். முதல் கேமரா நின்றால் கேமராவை மாற்றுகிறோம், பேட்டரியை அல்ல. நிக்காஹ் பள்ளிவாசலில் என்றால் எங்கே உட்காரலாம், ஃப்ளாஷ் அடிக்கலாமா என்பதை முந்தைய நாளே நிர்வாகத்திடம் கேட்டுவிட வேண்டும்.

எண்ணிக்கை குறைந்திருந்தால்

மேலே எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லச் சொன்னோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறோம்.

நிக்காஹுக்கு முன் கார்டை மாற்றினோம். புதிய கார்டைப் போட்டதும் திரையில் 1,400 என்று வந்தது. இரண்டாயிரம் போல வர வேண்டும். பழைய சோதனைப் படங்கள் ஏதோ கிடக்கின்றன என்று எண்ணி, அவசரத்தில் அங்கேயே ஃபார்மேட் செய்துவிட்டோம். அது முந்தைய இரவு மருதாணி நிகழ்ச்சியில் எங்கள் சகோதரி பெண்கள் பக்கம் எடுத்த கார்டு. காலி உறையில் தவறி வந்திருந்தது. அன்று அந்தக் கேமராவுக்கு ஒரே ஸ்லாட், இணை கார்டு கிடையாது. இன்னும் கம்ப்யூட்டரில் ஏற்றவும் இல்லை. தெரிய வந்தபோது அதன்மேல் அறுபது படம் எடுத்திருந்தோம்.

உடனே அந்தக் கார்டை வெளியே எடுத்துப் பூட்டைக் கீழே இறக்கிவிட்டோம். கேமராவில் சாதாரணமாகச் செய்யும் ஃபார்மேட் படங்களை உடனே துடைத்துவிடுவதில்லை, அவற்றின் பட்டியலைத்தான் அழிக்கிறது. புதிய படம் மேலே எழுதப்படாதவரை பழையதை மீட்கலாம். ஆனால் புதிய படங்கள் பெரும்பாலும் கார்டின் தொடக்கத்திலிருந்தே எழுதப்படும். ஆகவே முதலில் அழிவது முதலில் எடுத்தவை. மீட்புக்குக் கடையில் கொடுக்கவும் முடியாது. அவை பெண்கள் மட்டும் இருந்த சபையின் படங்கள், எந்த ஆணும் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையில் எடுத்தவை. எங்கள் சகோதரியே வீட்டில் இரண்டு இரவு உட்கார்ந்து மீட்டார். கிட்டத்தட்ட எல்லாம் வந்தது. வராமல் போனவை அன்றைய முதல் அறுபது. மணப்பெண்ணின் பாட்டி முதல் மருதாணி வைத்தது அதில்தான் இருந்தது. அந்தப் பாட்டியின் வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, "சாப்பிட்டுட்டுப் போங்கப்பா" என்றார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதிலிருந்து மண்டபத்தில் ஃபார்மேட் என்ற சொல்லே எங்களிடம் இல்லை. எண்ணிக்கை குறைவாக வந்தால் அந்தக் கார்டில் யாருடைய படமோ இருக்கிறது என்று பொருள். அதை எடுத்துச் சிவப்பு உறையில் போட்டுவிட்டு மூன்றாம் ஜோடியைப் போடுகிறோம். மூன்றாவது ஜோடி பையில் இருப்பதே இதற்காகத்தான்.

பெண்கள் பக்கத்துக் கார்டுகளை அன்றிலிருந்து முற்றிலும் தனியாக்கினோம். அவற்றின் மேல் 'பெ' என்று எழுதியிருக்கும், உறையின் நிறமும் வேறு. பெண்கள் பக்கம் எடுக்கும் சகோதரிக்கு ஆண் உதவியாளர் உள்ளே போக முடியாது. அதனால் அவருடைய பையில் மூன்று பேட்டரியும் இரண்டு ஜோடி கார்டும் காலையிலேயே இருக்க வேண்டும், வாசலில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. இடையில் ஏதாவது தேவைப்பட்டால் வீட்டுச் சிறுவன் மூலம் புதிய பேட்டரியை உள்ளே அனுப்பலாம். எழுதிய கார்டு மட்டும் யார் மூலமும் வெளியே வராது. நிறைந்த கார்டு அவரிடமே இருக்கும், அவரே வீட்டுக்குக் கொண்டுபோய், அவரே காப்பி செய்வார். ஆண் உதவியாளர் "ராத்தா, கார்டைக் கொடுங்க, நான் ஏத்திடறேன்" என்று உதவப் போவதுகூட அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த வாக்கை மீறுவதாகும்.

இரவில் வீடு திரும்பியபின் உதவியாளருக்கு இன்னும் ஒரு மணி நேர வேலை உண்டு. கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒரு டிஸ்கில் காப்பி, அதே கார்டிலிருந்தே இரண்டாவது டிஸ்கிலும் காப்பி. முதல் டிஸ்கிலிருந்து இரண்டாவதற்குக் காப்பி செய்தால், முதல் காப்பியில் இருக்கும் குறை அதிலும் வந்துவிடும். கார்டில் எத்தனை ஃபைல், டிஸ்கில் எத்தனை ஃபைல் என்று எண்ணிக்கை பொருந்த வேண்டும். முதல் படம், நடுவில் சில, கடைசிப் படம் என்று திறந்து பாருங்கள். சின்னப் படமாகத் தெரிவது போதாது, பெரிதாக்கிப் பாருங்கள். கெட்ட ஃபைலும் சின்னப் படமாக நன்றாகவே தெரியும், திறந்தால் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக இருக்கும். அப்படி ஒன்று வந்தால் 'ஆ' கார்டை வாங்கி அதே எண்ணுள்ள ஃபைலை எடுங்கள்.

மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன்பும் ஒரு எண்ணிக்கை இருக்கிறது. ஆண்கள் பக்கம் காலையில் ஆறு கார்டு, மூன்று பேட்டரி, ஒரு சார்ஜர் என்றால், வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பத்தையும் கையால் தொட்டு எண்ண வேண்டும். படம் எடுப்பவரின் பாக்கெட்டில் இருப்பவற்றையும் அவரைக் காட்டச் சொல்லியே எண்ண வேண்டும். பெண்கள் பக்கத்துச் சகோதரி தன் பையைத் தானே எண்ணி, சரி என்று சொல்வார். நம் அனுபவத்தில் அதிகம் விடுபடுவது சார்ஜர்தான். பூட்டிய அறையில், சாவி வைத்திருந்தவர் வீட்டுக்குப் போன பிறகு.